கடிகாரக் கோணக் கணக்கு: சின்ன முள் சும்மா நிற்பதில்லை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, சங்கரன்கோவில் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். ஊர் எதுவானாலும் கடிகாரக் கணக்கில் சறுக்குகிற இடம் ஒன்றுதான். பெரிய முள் சுற்றும்போது சின்ன முள் அந்த எண்ணிலேயே நிற்பதாக நினைத்துவிடுகிறார்கள். அதைப் பற்றி வகுப்பிலும் போனிலும் கேட்டவற்றை, கேட்டவர்கள் பேச்சிலேயே கீழே வைத்திருக்கிறேன். சின்ன முள் என்றால் மணி முள், பெரிய முள் என்றால் நிமிட முள்.

“3:15-க்கு ரெண்டு முள்ளும் 3-லதானே சார் இருக்கு? அப்ப கோணம் 0தானே?”

பெரிய முள் 3-ல் இருக்கிறது, சரி. சின்ன முள் அங்கே இல்லை. சரியாக 3:00 அடித்தபோது அது 3-ல் இருந்தது, 4:00 ஆகும்போது 4-ல் இருக்க வேண்டும். நடுவில் உள்ள 60 நிமிடமும் அது மெதுவாக நகர்ந்துகொண்டேதான் இருக்கும். 3:59 வரை 3-ல் நின்றுவிட்டு 4:00-க்கு ஒரே தாவாகத் தாவுவதில்லை.

ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு 30 பாகை. அதை 60 நிமிடத்தில் கடக்கிறது என்றால் நிமிடத்துக்கு அரைப் பாகை. 3:15-க்குள் அது 7.5 பாகை தாண்டிப் போயிருக்கும். அதனால் கோணம் 0 இல்லை, 7.5 பாகை. கடிகாரத்தை உற்றுப் பார்த்தால் 3-க்கும் 4-க்கும் இடையில் கால்வாசி தூரத்தில் சின்ன முள் நிற்பது கண்ணுக்கே தெரியும்.

“ஸ்கூல்ல 3:30-ன்னா செங்கோணம்னு சொல்லிக்கொடுத்தாங்களே. இப்ப 75-ங்கியள?”

சொல்லிக்கொடுத்தவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தவறு அநேகமாக அந்த அட்டைக் கடிகாரத்தில் இருக்கிறது. சின்ன வகுப்பில் மணி பார்க்கப் பழக்கும்போது அட்டையை வட்டமாக வெட்டி, இரண்டு முள்ளையும் நடுவில் ஒரே ஆணியில் மாட்டி வைப்பார்கள். அதில் முட்களைத் தனித்தனியாகத்தான் திருப்ப முடியும். டீச்சர் சின்ன முள்ளை 3-ல் வைத்துவிட்டுப் பெரிய முள்ளை மட்டும் 6-க்குத் தள்ளி “இது மூன்றரை” என்பார். மணி படிக்கப் பழகுவதற்கு அது போதும். கோணம் அளக்க அது உதவாது. நிஜக் கடிகாரத்தில் அந்த நிலை வரவே வராது.

உண்மையான கடிகாரத்துக்குள்ளே இரண்டு முள்ளும் பல்சக்கரத்தால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. பெரிய முள் 12 சுற்று சுற்றினால் சின்ன முள் 1 சுற்று சுற்றும், எப்போதும் அதே விகிதம். சுவர்க் கடிகாரத்தின் பின்னால் நேரம் திருத்தும் திருகை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பெரிய முள் அசையும்போதே சின்ன முள்ளும் நகரும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அட்டையைக் காட்டுவதற்குப் பதில் இதைச் செய்து காட்டலாம்.

3:30-க்குச் சின்ன முள் 3-க்கும் 4-க்கும் நட்டநடுவே, அதாவது 12-லிருந்து 105 பாகையில் இருக்கும். பெரிய முள் 180-ல். வித்தியாசம் 75. அதேபோல 9:30-க்கு 105 பாகை, 6:30-க்கு 15, 12:30-க்கு 165. இந்த நான்கையும் 90, 90, 0, 180 என்று எழுதுகிறவர்கள் நிறைய.

“விளக்கமெல்லாம் இருக்கட்டும் சார், ஃபார்முலாவ மட்டும் சொல்லுங்க. 11/2-ன்னு ஒண்ணு வருதுல்லா?”

மணியை 30-ஆல் பெருக்கு. நிமிடத்தை 5.5-ஆல் பெருக்கு. பெரியதிலிருந்து சின்னதைக் கழி. 180-ஐத் தாண்டினால் 360-லிருந்து கழி. அவ்வளவுதான்.

```
கோணம் = | 30 × மணி − 5.5 × நிமிடம் |
```

அந்த 5.5 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. பெரிய முள் நிமிடத்துக்கு 6 பாகை போகிறது, சின்ன முள் அரைப் பாகை. ஒன்றுக்கொன்று விலகுவதோ நெருங்குவதோ நிமிடத்துக்கு 5.5 பாகை. அதைத்தான் பின்னமாக 11/2 என்று எழுதுகிறார்கள். சின்ன முள்ளை மறந்தவர்கள் 5.5-க்குப் பதில் 6 போடுகிறார்கள். மொத்தத் தவறும் அந்த ஒரு இடத்தில்தான்.

இருந்தாலும் முதல் சில நாளைக்கு ஃபார்முலாவைத் தொடாமல், இரண்டு முள்ளும் 12-லிருந்து எத்தனை பாகையில் இருக்கின்றன என்று தனித்தனியாக எழுதச் சொல்வேன். 3:40-ஐ எடுத்துக்கொள்வோம். பெரிய முள் 40 × 6, அதாவது 240-ல். சின்ன முள் 3 மணிக்கு 90-ல் இருந்தது, 40 நிமிடத்தில் இன்னும் 20 பாகை போயிருக்கும், ஆக 110-ல். 240-லிருந்து 110 போக 130 பாகை. மறந்தவர்கள் 240-லிருந்து 90-ஐக் கழித்து 150 என்பார்கள். சின்ன முள் நடந்த அந்த 20 பாகை அவர்கள் கணக்கில் ஏறவே இல்லை.

“மறந்துட்டா விடை கூடுமா, குறையுமா? எவ்வளவு?”

பிசகு நிமிடத்தில் பாதி. 10 நிமிடம் என்றால் 5 பாகை, 40 நிமிடம் என்றால் 20 பாகை, 59 நிமிடம் என்றால் 29.5 பாகை. மணி எதுவாக இருந்தாலும் பெரும்பாலும் இதுதான்.

கூடுமா குறையுமா என்பது பெரிய முள் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 3:40-ல் பெரிய முள் முன்னால் போய்விட்டது, சின்ன முள் அதை நோக்கி நகர்கிறது. அதனால் உண்மைக் கோணம் சுருங்கும், மறந்தவர் விடை 20 கூடுதலாக வரும். 4:10-ல் கதை வேறு. பெரிய முள் 60-ல், சின்ன முள் 125-ல். பெரிய முள் பின்னால் கிடக்கிறது, சின்ன முள் அதைவிட்டு விலகிப் போகிறது. உண்மை 65, மறந்தவர் எழுதுவது 60. இங்கே 5 குறைகிறது.

கடைகளில் புதுக் கடிகாரங்களை 10:10 காட்டும்படி வைத்திருப்பார்களே, அதையும் போட்டுப் பார்க்கலாம். சின்ன முள் 305-ல், பெரிய முள் 60-ல். கழித்தால் 245. அது பின்வளை கோணம், 360-லிருந்து போக 115. மறந்தால் 120. பெரிய முள்தான் முன்னால் நிற்கிறது, அதனால் 5 கூடுகிறது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு முள்ளும் கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும் நேரத்தில் இந்தக் கூடுதல், குறைவு விதியை நம்பிப் போகாதீர்கள். 3:16-ல் சின்ன முள்ளை மறந்தவர் பெரிய முள் 6 பாகை முன்னால் இருக்கிறது என்பார். நிஜத்தில் அது இன்னும் 2 பாகை பின்னால் இருக்கிறது. பக்கமே மாறிவிட்டது. நேர் எதிரே நிற்கும் நேரங்களிலும் இப்படி ஆகும். அங்கெல்லாம் இரண்டு முள்ளின் இடத்தையும் தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது.

“ஆப்ஷன்ல 120-ம் இருக்கு, 130-ம் இருக்கு. பார்த்ததுமே கண்டுபிடிக்க வழி இருக்கா?”

இருக்கிறது. ஒரு வாரம் ஃபார்முலாவை மனப்பாடம் செய்வதைவிட இது பயன்படும்.

நிமிடம் 0 ஆக இல்லாமல் வேறு முழு எண்ணாக இருந்தால், கோணம் 0, 30, 60, 90, 120, 150, 180 ஆகிய ஏழில் எதுவாகவும் இருக்க முடியாது. கோணம் 30-ன் மடங்காக வர வேண்டுமானால் 5.5 × நிமிடம் என்பதும் 30-ன் மடங்காக வேண்டும். இரண்டால் பெருக்கினால், 11 × நிமிடம் 60-ன் மடங்காக வேண்டும். 11-க்கும் 60-க்கும் பொதுக் காரணி கிடையாது. அதனால் நிமிடமே 60-ன் மடங்காக இருந்தாக வேண்டும். 60-க்குக் கீழே அப்படி இருப்பது 0 மட்டும்தான்.

இப்போது கேள்வியைப் பாருங்கள். 8:20-க்குக் கோணம் என்ன. 110, 120, 130, 150. பென்சிலை எடுப்பதற்கு முன்னாலேயே 120-ஐயும் 150-ஐயும் அடித்துவிடலாம். மீதி 110, 130. சின்ன முள் 250-ல், பெரிய முள் 120-ல், விடை 130. கேள்வி தயாரிப்பவர் 120-ஐச் சும்மா வைக்கவில்லை. சின்ன முள்ளை 8-லேயே நிறுத்திவைப்பவருக்கு வருகிற விடை அது, தெரிந்தே போட்ட தூண்டில். கேள்விகளில் நிமிடம் பெரும்பாலும் 10, 15, 20 என்று 5-ன் மடங்காக வருவதால், தூண்டில் விடையும் 30-ன் மடங்காகவே விழும். சின்ன முள் ஒரு எண்ணில் நிற்கிறது, பெரிய முள் இன்னொரு எண்ணில் நிற்கிறது என்று வைத்தால் வேறு எப்படி வரும்!

இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு. நிமிடம் ஒற்றைப்படை என்றால் விடை .5-ல் முடிய வேண்டும். இரட்டைப்படை என்றால் முழு எண். 5:15-க்கு 60, 65, 67.5, 75 என்று கொடுத்திருந்தால் கணக்கே போட வேண்டாம், 67.5-க்கு நேரே கறுத்துவிடலாம். நான்கில் அது ஒன்றுதான் அரையில் முடிகிறது. நேரம் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 157.5-லிருந்து 90 போக 67.5.

“3-க்கும் 4-க்கும் நடுவுல முள் ரெண்டும் எப்ப ஒண்ணுசேரும்? 3:15 இல்லைன்னா எப்ப?”

3 மணி 16 4/11 நிமிடத்தில். இந்தப் பதினொன்றைப் பார்த்ததும் பல பேருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. அதனால் கடிகாரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டுச் சேரன்மகாதேவி ரோட்டுக்குப் போவோம்.

ஒருவர் அந்த ரோட்டில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்துகொண்டிருக்கிறார். அவருக்குச் சரியாக 15 கிலோமீட்டர் பின்னாலிருந்து ஒரு பஸ் எங்கேயும் நிற்காமல் மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறது. எப்போது அவரைப் பிடிக்கும்? 15 கிலோமீட்டர் போக 15 நிமிடம் என்று சொன்னால் அவர் நடக்காமல் நின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த 15 நிமிடத்தில் அவர் இன்னும் ஒன்றேகால் கிலோமீட்டர் போயிருப்பார். பஸ் உண்மையில் நெருங்குவது மணிக்கு 55 கிலோமீட்டர் வீதம்தான். 15-ஐ 55-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 180/11, அதாவது 16 4/11 நிமிடம்.

கடிகாரத்தில் மொத்தம் 60 சின்னக் கோடு. பெரிய முள் மணிக்கு 60 கோடு போகிறது, சின்ன முள் 5 கோடு. 3 மணிக்குச் சின்ன முள் 15 கோடு முன்னால் இருக்கிறது. எண்கள் அப்படியே பொருந்துகின்றன, கிலோமீட்டர் இருந்த இடத்தில் கோடு என்று போட்டால் போதும்.

“4-க்கும் 5-க்கும் நடுவுல செங்கோணம் எப்பன்னு கேட்டான். நான் 4:05, 4:35-ன்னு எழுதினேன். ரெண்டுமே தப்புங்காவ.”

இரண்டு தடவை வரும் என்று கண்டீர்கள், அது சரி. நேரம்தான் தவறு. எழுதிய விடையைத் திருப்பிக் கடிகாரத்தில் வைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். 4:05-க்குச் சின்ன முள் 122.5-ல், பெரிய முள் 30-ல், கோணம் 92.5. 4:35-க்குச் சின்ன முள் 137.5-ல், பெரிய முள் 210-ல், கோணம் 72.5. முதல் விடை கொஞ்சம் விலகியிருக்கிறது, இரண்டாவது நன்றாகவே விலகியிருக்கிறது. நேரம் ஆக ஆகச் சின்ன முள் அதிகமாக நகர்ந்திருக்கும் அல்லவா, அதனால்தான்.

சரியாகப் போட இப்படிப் போங்கள். 4 மணிக்குச் சின்ன முள் 120 பாகை முன்னால் இருக்கிறது. முதல் செங்கோணத்துக்கு இந்த இடைவெளி 90 ஆக வேண்டும், அதாவது பெரிய முள் 30 பாகை நெருங்க வேண்டும். நிமிடத்துக்கு 5.5 வீதம் நெருங்கினால் 30 ÷ 5.5, அதாவது 60/11. அது 5 5/11 நிமிடம். இரண்டாவதற்குப் பெரிய முள் 120-ஐயும் கடந்து, சின்ன முள்ளைத் தாண்டி இன்னும் 90 போக வேண்டும், மொத்தம் 210. 210 ÷ 5.5, அதாவது 420/11, 38 2/11 நிமிடம்.

ஆக 4 மணி 5 5/11 நிமிடம், 4 மணி 38 2/11 நிமிடம். “எப்போது” என்று கேட்கிற கணக்குகளில் விடை பெரும்பாலும் பதினொன்றில் ஒரு பங்காக வந்து நிற்கும். 5.5-ஆல் வகுக்கிறோம், வேறு வழியில்லை. இணைவது, செங்கோணம், நேர் எதிர் என்று கேட்டு உங்களுக்கு 05, 10, 40 என்று உருண்டையான நிமிடம் கிடைத்தால் உடனே சந்தேகப்படுங்கள். 3:00, 9:00, 6:00, 12:00 மாதிரி சரியான மணிகள் மட்டும் இதற்கு விலக்கு.

“ஒரு நாளைக்கு எத்தனை செங்கோணம்? 48-ன்னு வருது, புக்ல 44-ன்னு போட்டிருக்கு.”

44 சரி. மணிக்கு இரண்டு, 24 மணிக்கு 48 என்று நீங்கள் போட்டிருப்பீர்கள். சின்ன முள் நிற்பதாக நினைத்தால் அதுதான் வரும்.

எந்த நான்கு காணாமல் போகிறது என்பதைத் தேடிப் பார்ப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. 2-க்கும் 3-க்கும் நடுவில் தேடுங்கள். முதல் செங்கோணம் 2 மணி 27 3/11 நிமிடத்தில். இரண்டாவதற்கு 330 ÷ 5.5, சரியாக 60 நிமிடம். அதாவது 3:00. அடுத்து 3-க்கும் 4-க்கும் நடுவில் தேடினால் முதல் செங்கோணமே அந்த 3:00தான், அப்புறம் 3 மணி 32 8/11. ஒரே 3:00-ஐ இரண்டு வீட்டிலும் எண்ணியிருக்கிறோம். 9:00-க்கும் இதே கதை. ஆக 12 மணி நேரத்தில் 24-லிருந்து 2 போய் 22, நாளுக்கு 44.

இரண்டு முள்ளும் இணைவதும் அப்படித்தான். நாளுக்கு 24 இல்லை, 22. 11-க்கும் 12-க்கும் நடுவில் தேடினால் பெரிய முள் சின்ன முள்ளைப் பிடிப்பது 12:00-ல்தான். அதையே 12-க்கும் 1-க்கும் நடுவிலும் எண்ணிவிடுகிறோம். ஒரு இணைவிலிருந்து அடுத்த இணைவுக்கு 65 5/11 நிமிடம், 65 இல்லை. நேர் எதிரே நிற்பதும் நாளுக்கு 22 தடவை. அங்கே இரண்டு பக்கமும் எண்ணப்படுவது 6:00.

“படத்துல கடிகாரம் வரைஞ்சு மணி என்னன்னு கேட்டா, சின்ன முள் நகர்றத எப்படிப் பார்க்க?”

12 நிமிடத்துக்குச் சின்ன முள் சரியாக ஒரு சின்னக் கோடு நகரும். இதைப் பிடித்துக்கொண்டால் போதும். 3:12-க்கு அது 3-க்கு அடுத்த கோட்டில், 3:24-க்கு இரண்டாவது கோட்டில், 3:36-க்கு மூன்றாவது, 3:48-க்கு நான்காவது. நம் பாட்டிமார் சொல்கிற ஒரு நாழிகை 24 நிமிடம், ஆக ஒரு நாழிகைக்குச் சின்ன முள் இரண்டு கோடு.

இதை வைத்துப் படத்தையே சோதிக்கலாம். சின்ன முள் மூன்றாவது கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்திருந்தால் பெரிய முள் 36-ல் இருந்தாக வேண்டும். 20-ல் இருப்பதாக வரைந்திருந்தால் அந்தப் படம் தவறு. சின்ன முள் எண்ணின் மேலேயே இருந்தால் பெரிய முள் 12-ல் இருக்க வேண்டும், வேறு எங்கும் இருக்க முடியாது. பெரிய முள் உடைந்துபோன கடிகாரத்தில்கூடச் சின்ன முள்ளை மட்டும் வைத்து நிமிடத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

“எங்க வீட்டுக் கடிகாரத்துல மூன்றரைக்குச் சின்ன முள் 3-லயேதான் நிக்கி. நீங்க சொல்றது பொருந்தலையே அண்ணாச்சி.”

நிற்கவில்லை, இடம் தவறி மாட்டப்பட்டிருக்கிறது. சரியாக 3 மணிக்குப் பாருங்கள், அப்போது அது 3-ல் இருக்காது, இரண்டரையைக் காட்டிக்கொண்டிருக்கும். சின்ன முள் அதன் குழாயில் அழுத்திச் செருகப்பட்டதுதான். கடிகாரம் கீழே விழுந்தாலோ, யாராவது கையால் முள்ளைத் தள்ளினாலோ அது வழுக்கிவிடும். அப்புறம் எப்போதும் அதே அளவு பின்தங்கியே ஓடும்.

திருகைத் திருப்பிப் பெரிய முள்ளைச் சரியாக 12-க்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கண்ணாடியைக் கழற்ற முடிகிற சாதாரணச் சுவர்க் கடிகாரமாக இருந்தால், பெரிய முள்ளை அசையவிடாமல் சின்ன முள்ளை மட்டும் மெதுவாகத் திருப்பி ஏதாவது ஒரு எண்ணுக்கு நேராக வைக்கலாம். அப்புறம் நேரத்தைத் திருகாலேயே திருத்துங்கள். பழைய சாவிக் கடிகாரம் என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம், பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.

“சில கடிகாரத்துல பெரிய முள்ளே நிமிஷத்துக்கு ஒருக்க குதிக்குதே. அதுக்கும் இதே கணக்கா?”

ஆமாம். ஒரு தலைமைக் கடிகாரம் அனுப்புகிற மின்துடிப்பில் ஓடுகிற கடிகாரங்களில் முள் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை குதிக்கும். பெரிய முள் 6 பாகை குதிக்கும்போது சின்ன முள்ளும் கூடவே அரைப் பாகை குதிக்கும், பல்சக்கரம் விடாது. முழு நிமிடங்களில் கோணம் மாறாது.

“கேள்வியிலயே ‘மணி முள் அடுத்த மணி வரை நகராது எனக் கொள்க’ன்னு இருந்தா?”

அப்படியே கொள்ளுங்கள். 5.5-க்குப் பதில் 6 போட்டுவிடலாம். 3:40-க்கு 150 என்பதே விடை. ஆனால் அந்த வரி கேள்வியில் எழுதியிருக்க வேண்டும். நீங்களாக ஊகித்துக்கொள்ளக் கூடாது.

“விடைக்குறிப்புலயே 9:30-க்கு 90-ன்னு போட்டிருக்காவ சார். என்ன செய்ய?”

முதலில் கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள். மேலே சொன்ன மாதிரி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா, 9:00-ஐ 9:30 என்று நீங்கள் வாசித்துவிட்டீர்களா என்று பாருங்கள். எதுவும் இல்லை என்றால் விடைக்குறிப்புதான் தவறு. கடைகளில் விற்கும் மாதிரி வினாத்தாள்களில் இது சாதாரணம். அதைத் திருத்திக்கொண்டு மேலே போங்கள், அதற்காக உங்கள் முறையை மாற்ற வேண்டாம்.

உண்மையான தேர்வு என்றால், தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார்கள். குறித்த நாளுக்குள் எழுதிப் போடுங்கள். நீளமாக வாதாட வேண்டாம். “9:30-ல் மணி முள் 12-லிருந்து 285 பாகை, நிமிட முள் 180 பாகை, வித்தியாசம் 105” என்று ஒரு வரி, கூடவே ஒரு பாடநூல் பக்கம். அவ்வளவு போதும். சாட்சிக்கு அலைய வேண்டாம், எந்தச் சுவர்க் கடிகாரத்தையும் ஒன்பதரைக்குப் பார்த்தால் சின்ன முள் 9-க்கும் 10-க்கும் நடுவில்தான் இருக்கும்.

“12:20-க்கு ஃபார்முலா போட்டா 250 வருது. தப்பா?”

தவறில்லை. 360 − 110 = 250; 360-லிருந்து 250-ஐக் கழித்தால் 110 பாகை. 12-ஐ 0 என்று வைத்துக்கொண்டால் நேரடியாகவே 110 வந்துவிடும். 15:20 என்று ரயில் நேரத்தில் கொடுத்தால் 12-ஐக் கழித்து 3:20 ஆக்கிக்கொள்ளுங்கள்.

“வினாடியும் சேர்த்துக் கேட்டா? 3 மணி 40 நிமிடம் 30 வினாடின்னு…”

நிமிடத்தை 40.5 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 5.5 × 40.5 = 222.75, அதிலிருந்து 90 போக 132.75 பாகை. அரை நிமிடத்துக்குச் சின்ன முள் கால் பாகை நகர்ந்திருக்கிறது, அதுவும் இதில் அடக்கம். ஆனால் மேலே சொன்ன ‘30-ன் மடங்காக வராது’ என்ற சோதனையும், ஒற்றை, இரட்டை சோதனையும் முழு நிமிடத்துக்கு மட்டும்தான். வினாடி வந்துவிட்டால் அவற்றை நம்பி எந்த விடையையும் அடிக்காதீர்கள்.